பத்தில் ஒரு பங்கு தங்கை

ஆலையில் அவருக்குச் சைபர் சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, யாரும் அதை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. எந்த விபத்து எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் என்று கணக்குப் போடுவது அவர் உத்தியோகம். ஒன்றுக்குப் பின்னால் எத்தனை சைபர் சேர்கிறதோ அத்தனைக்கு அத்தனை நிர்வாகத்துக்கு நிம்மதி. கம்பெனியின் விதிப்படி, ஓர் உயிர் போகக்கூடிய விபத்து லட்சம் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நடக்கக் கூடாது. லட்சம் ஆண்டு காத்திருந்து யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்பதால் அந்தத் தொழிலில் தைரியத்துக்குப் பஞ்சமில்லை.

அன்றைக்கு மேஜையில் இருந்தது புதிய கரைப்பான் தொட்டி. மறுநாள் காலை முதல் தடவையாக நிரப்ப வேண்டும், அதற்கு முன் கணக்கு முடிந்து கையெழுத்தாக வேண்டும். அறையில் நாலே பேர். சைபர் சார், உற்பத்தி மேலாளர், கருவிப் பொறியாளர், அப்புறம் களத்தில் வேலை பார்ப்பவர்களின் சார்பில் ஓர் ஆபரேட்டர். அந்த ஆபரேட்டர் சைபர் சாரின் சொந்தத் தங்கை. எட்டு வருஷமாக அதே ஆலையில் தொட்டிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறாள். ஆலைக்குள் அவள் அவரை ‘சார்’ என்பாள், அவர் அவளை ‘நீங்க’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சிரிப்பு வரும், இரண்டு பேரும் அடக்கிக்கொள்வார்கள். புதிய தொட்டி அவள் பொறுப்பில்தான் வருகிறது.

ஆய்வு எளிமையானதுதான். தொட்டி நிரம்பி வழிந்தால் ஆவி பரவும், எங்கோ ஒரு பொறி பட்டால் பக்கத்தில் நிற்பவர் உயிரோடு திரும்ப மாட்டார். பொறி கட்டாயம் படும் என்றே சைபர் சார் வைத்துக்கொள்வார், அந்த விஷயத்தில் அவர் கறார். சரி, எதனால் வழியும்? மட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டால் வழியும். அது பத்து ஆண்டுக்கு ஒரு முறை கெடும் என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட எண். அதன் பிறகு விபத்துக்கும் மனிதருக்கும் நடுவே எத்தனை காவல் இருக்கிறது என்று எண்ண வேண்டும். காவல் என்றால் ஒன்றை ஒன்று சாராத காவல். ஒன்று கவிழும்போது கூடவே கவிழ்கிறதைக் காவல் என்று எண்ணக் கூடாது.

கருவிப் பொறியாளர் முதல் காவலாக, மட்டம் ஏறினால் கட்டுப்பாட்டறையில் அலறும் மணியைச் சொன்னார். சைபர் சார் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, அந்த மணிக்கு மட்டம் எங்கிருந்து தெரிகிறது என்று கேட்டார். கட்டுப்படுத்தும் அதே கருவியிலிருந்துதான் என்று பொறியாளர் மென்று விழுங்கினார். அந்தக் கருவி பொய் சொல்வதால்தானே தொட்டியே வழிகிறது, பொய் சொல்கிறவனிடமே போய் சாட்சி கேட்பீர்களா என்று சைபர் சார் ஒரு பிடி பிடித்தார். தொட்டியைச் சுற்றிக் கட்டிய சுவரும் நிற்கவில்லை. அது திரவத்தைத் தடுக்கும், ஆவி சுவர் ஏறிக் குதித்துவிடும் என்று அதையும் அடித்தார். பொறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. சைபர் சாருக்கு உள்ளூர ஒரே குஷி. அடித்துவிடுவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் சேர்ப்பதில் இருந்ததில்லை.

தேறியது ஒரே காவல். தனிக் கருவி, தனி வால்வு, மட்டம் எல்லை தாண்டினால் தானாகவே மூடிவிடும். நூறு தடவைக்கு ஒரு தடவைதான் கைவிடும். பத்து ஆண்டு நூறு மடங்கானால் ஆயிரம் ஆண்டு. அடுத்து, வழியும் நேரத்தில் தொட்டியருகே ஆள் இருப்பாரா என்ற கேள்வி. மணிக்கு ஒரு தடவை ஆறு நிமிஷம் சுற்றி வருகிறார்கள், அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆள். ஆயிரம் பத்தாயிரமானது. லட்சத்துக்கு இன்னும் ஒரு சைபர் குறைந்தது.

உற்பத்தி மேலாளர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு சைபருக்காக இன்னொரு தனி மணியும் அதற்கொரு கருவியும் வாங்கினால் மூன்று மாதம் ஓடிவிடும், தொட்டி அதுவரை சும்மா நிற்கும். அவர் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு வழி சொன்னார். சுற்றி வரும் ஆபரேட்டர் தொட்டியின் பக்கவாட்டு அளவுகோலைப் பார்க்கிறாரா இல்லையா? பார்க்கிறார். மட்டம் ஏறியிருந்தால் கைவால்வை மூடுவாரா மாட்டாரா? மூடுவார். அது கருவியைச் சாராத காவல்தானே, மனிதக் கண்ணுக்குக் கம்பி இணைப்பு உண்டா என்று சிரித்தார்.

சைபர் சார் யோசித்தார். ரொம்பவெல்லாம் யோசிக்கவில்லை, மணி நாலாகப் போகிறது. மனிதர் பத்துக்கு ஒரு முறை தவறுவார் என்று புத்தகத்தில் இருக்கிறது. மடிக்கணினியில் களப்பணியாளர் என்று ஒரு வரி சேர்த்தார், பக்கத்தில் பத்தில் ஒன்று என்று தட்டினார். திரையில் லட்சம் என்று வந்தது, கட்டம் பச்சையானது. மேலாளருக்கு உச்சி குளிர்ந்தது. கையெழுத்துத் தாள் மேஜையில் நகர்ந்து தங்கையிடம் வந்து நின்றது.

அவள் பேனாவை எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வரியிலும் இருக்கிறது யார் சார் என்று மெதுவாகக் கேட்டாள். எந்த இரண்டு வரி என்று மேலாளர் கேட்டார்.

“மேல் வரியில ஆள் பக்கத்துல இருக்க மாட்டாங்கன்னு போட்டிருக்கு. கீழ் வரியில ஆள் பக்கத்துல இருந்து வால்வை மூடுவாங்கன்னு போட்டிருக்கு. ரெண்டும் நான்தான் சார். சாகுறதுக்கு நான் இல்ல, காப்பாத்துறதுக்கு மட்டும் இருக்கேனா?”

பிறகு அவள் தனக்குத் தெரிந்ததை மட்டும் அடுக்கினாள். மட்டம் எல்லையைத் தாண்டிய பிறகு வழிவதற்கு இருபது நிமிஷம். அவள் சுற்றி வருவது மணிக்கு ஒரு தடவை. மூன்று தடவையில் ஒரு தடவைதான் நேரத்துக்கு அகப்படும், மற்ற இரண்டு தடவை அவள் வந்து பார்க்கும்போது தரையெல்லாம் கரைப்பான் ஓடும். அந்தக் கைவால்வு சுவருக்கு உள்ளே, தொட்டியின் அடியில் இருக்கிறது. ஐம்பத்து நான்கு சுற்றுச் சுற்றினால் மூடும். இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, அது சைபர் சாரை அதிகம் உறுத்தியது.

மேலாளர் சளைத்தவர் இல்லை. அப்படியென்றால் சுற்றி வர வேண்டாம், நிரப்பி முடிகிறவரை அங்கேயே நிற்கட்டும், நேரப் பிரச்சினை தீர்ந்தது என்றார். பெருந்தன்மையாக ஒரு நாற்காலி போட்டுத் தரவும் தயாராக இருந்தார்.

சைபர் சார் பழக்க தோஷத்தில் அதையும் கணக்கில் போட்டார். அங்கேயே நின்றால் காவல் செல்லுபடியாகும், பத்து மடங்கு கிடைக்கும். ஆனால் அங்கேயே நின்றால் பத்தில் ஒரு பங்கு நேரம் என்பது முழு நேரமாகிவிடும், பத்து மடங்கு போய்விடும். வந்ததும் போனதும் சரி. திரை மறுபடி பத்தாயிரத்துக்கு வந்து சிவந்தது. எண் ஒரு மயிரிழை கூட நகரவில்லை. நகர்ந்தது ஒன்றே ஒன்று, அவருடைய தங்கை தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரத்துக்கு முன் ஒரு மணியைப் பொய்சாட்சி என்று விரட்டிய மனிதர், ஒரே ஆளை இல்லாதவளாகவும் இருப்பவளாகவும் எண்ணி, இரண்டு முறையும் லாபம் பார்த்திருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், அந்த இடத்தில் நிற்கிறவளாக இருந்தால் போதும். அவர் களப்பணியாளர் வரியை அழித்தார். தனிக் கருவியும் தனி மணியும் வரும்வரை தொட்டியை நிரப்பக் கூடாது என்று கீழே எழுதினார்.

மேலாளருக்கு முகம் கடுத்தது. பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்தார்.

“தங்கச்சின்னதும் கை நடுங்குது. காவல் ஒண்ணை ஒண்ணு சாரக் கூடாதுன்னு பாடம் எடுத்தீங்களே, கணக்குப் போடுறவர் மட்டும் சாரலாமா?”

குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறதா என்று சைபர் சாருக்கே சந்தேகமாக இருந்தது. தங்கையின் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்து கேட்டிருந்தால் வரியை அழித்திருப்பாரா? அழித்திருப்பேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். அது அவ்வளவு உறுதியாக ஒலிக்கவில்லை.

மேலாளர் விடுவதாக இல்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடி எடுத்துத் திரையில் போட்டார். பழைய தொட்டிகள் ஆறு, போன மாதம் முடித்த ஆய்வு. ஆறு தாளிலும் ஆள் இருக்க வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆறு தாளிலும் களப்பணியாளர் மூடுவார், தவறுவது பத்தில் ஒன்று. ஒன்றைப் போட்டு மற்ற ஐந்துக்கும் நகலெடுத்திருந்தது பார்த்தாலே தெரிந்தது. ஆறின் அடியிலும் சைபர் சாரின் கையெழுத்து, சாய்வாக, கீழே ஒரு கோடு இழுத்து. அப்போது செல்லுபடியானது இப்போது எப்படிச் செல்லாமல் போகும் என்று மேலாளர் கேட்டார். அவர் வாதத்தில் வென்றுவிட்டார், அதில் சந்தேகமே இல்லை.

சைபர் சார் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு கூட்டத்துக்கும் களத்திலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, வேலை நேரம் வீணாகும் என்று அவரேதான் வேண்டாம் என்றார். களப்பணியாளர் என்ற சொல்லை அவர் ஆறு தடவை தட்டியிருக்கிறார். அதற்கு ஒரு முகம் உண்டா என்று ஒரு தடவை கூட அவருக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

“அந்த ஆறும் இப்ப ஓடுதா?” என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

தங்கைதான் சொன்னாள், அதுவும் ‘சார்’ போடாமல்.

“மூணாவது தொட்டிக்கு மூணு மணியிலிருந்து ஏத்துறாங்க அண்ணா. என்கூட வேலைக்குச் சேர்ந்த பொண்ணு இப்ப அங்க சுத்திட்டிருக்கா. அவளுக்கு அண்ணன் கிடையாது.”

சைபர் சார் எழுந்து கட்டுப்பாட்டறைக்கு போனைப் போட்டார். மூன்றாவது தொட்டிக்கு ஏற்றுவதை உடனே நிறுத்தச் சொன்னார். அந்த அதிகாரம் தனக்கு உண்டா இல்லையா என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.