மணி அடித்தால் விரிப்புக்கு

எங்கள் வீட்டு வாசல் மணி ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை அடிக்கும். நான் தையல்காரி. முன்னறையில்தான் மிஷின், வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி எல்லாம். மணி அடித்ததும் எங்கள் நாய் பாபின் வீடே அதிரக் குரைத்துக்கொண்டு ஓடும். வந்தவர் தோளில் இரண்டு முன்காலையும் போட்டு, முகத்தை நக்கிய பிறகுதான் அடங்கும். கடிக்காது. வெறும் அன்புதான். ஆனால் முப்பது கிலோ அன்பு.

வாடிக்கைக்காரர்கள் பழகிவிட்டார்கள். ரவிக்கை நன்றாக அமைந்தால் நாயையும் மன்னித்துவிடுகிறார்கள். நானும் கண்டுகொள்ளாமல் இருந்தேன், என் நாத்தனார் போன் செய்கிற வரை.

நாத்தனாருக்குப் போன வருடம் இடுப்பு எலும்பு முறிந்தது. ஊன்றுகோலோடுதான் நடமாட்டம். இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் உடற்பயிற்சி சிகிச்சைக்காக ஒரு மாதம் தங்க வருகிறார், அதுவும் மூன்று வாரத்தில். நாய் என்றாலே அவருக்கு ஆகாது. அவர் கேட்பதற்கு முன்பே என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்துவிட்டார்: நாய் அக்கா மேல் ஒரே ஒரு தடவை ஏறினாலும் அன்றைக்கே அதைச் சிநேகிதரின் பண்ணைக்கு அனுப்பிவிடுவாராம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா என்றால் மனிதர் மெழுகாக உருகிவிடுவார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு சட்டைக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

என் வாடிக்கைக்காரர்களில் நாய் பழக்கும் பெண் ஒருத்தி உண்டு. கை சட்டென்று உள்ளே போய் வரும்படி அகலமான பாக்கெட் வைத்துத் தைக்கச் சொல்லுவாள். உள்ளே வேகவைத்த கோழித்துண்டு இருக்கும். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். முன்னறையில் உட்கார்ந்து, நான்கு முறை மணி அடிக்கும்வரை கவனித்தாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, உங்க நாய் மணிக்கு ஓடல. சார் ஓடறாரு. அது கூடவே ஓடுது."

உண்மைதான். என் வீட்டுக்காரருக்கு அச்சகத்தில் மதியத்துக்கு மேல்தான் வேலை. காலை முழுக்க வீட்டில்தான். மணி அடித்தால் போதும், "இதோ வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டு செருப்பு பறக்க ஓடுவார். நாய் குரைத்தால் அதை அடக்க இன்னும் சத்தமாகக் கத்துவார். எஜமானரும் சேர்ந்து குரைக்கிறார் என்றுதான் நாய் எடுத்துக்கொள்ளும் என்றாள் அவள். ஏறுகிற நாயைக் கையால் தள்ளுவதும் அதற்கு விளையாட்டுதானாம்.

பாடம் தொடங்கியது. கண்ணாடிக்குப் பக்கத்தில் பழைய போர்வையை மடித்து விரிப்பாகப் போட்டேன். முதலில் வாசல் மணியே வேண்டாம். மணிச் சத்தத்தைப் போனில் பதிந்து மெதுவாக ஒலிக்கவிட்டு, அந்த நொடியே விரிப்பின் மேல் கோழித்துண்டு. வாசலில் யாரும் இல்லை, குரைக்கவும் ஒன்றுமில்லை. நான்கு நாளில், மணி என்றால் விரிப்பு என்று பாபினுக்குப் புரிந்துவிட்டது. பிறகு நிஜ மணி. பிறகு கதவைத் திறந்து மூடுவது. பிறகு ஆள். பாபின் எழுந்தால் ஆள் அப்படியே திரும்பிப் போவார், கதவு சாத்தப்படும். நான்கு காலும் விரிப்பில் இருந்தால் மட்டும் துண்டு. பழகும்வரை கழுத்துவாரை மேசைக் காலில் கட்டியே வைத்திருந்தேன், ஏறிப் பார்க்க வாய்ப்பே தரக்கூடாது என்பதற்காக.

நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். பாபின் குரைத்துவிட்டு விரிப்புக்குப் போனபோதும் துண்டு கொடுத்தேன். இரண்டே நாளில் கெட்டிக்காரத்தனமாக ஒரு குரைப்பு, ஒரு ஓட்டம், ஒரு துண்டு என்று வழக்கம் வைத்துக்கொண்டது. குரைத்ததற்கும் சேர்த்துத்தான் கூலி கொடுக்கிறீர்கள் என்றாள் அவள். குரைப்பதற்குள் முந்திக்கொள்ளக் கற்றேன்.

வீட்டுக்காரருக்கும் அதே பாடம்தான். மணி அடித்தால் அவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது, கத்தக்கூடாது. ஒழுங்காக இருந்தால் ஒரு முந்திரிப்பருப்பு. முதலில் முறைத்தார். மூன்றாம் நாள், மணி அடித்ததும் என் பாக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

நாயைப் படிப்படியாகச் சோதித்தேன். பக்கத்து வீட்டுக்காரி, பார்சல்காரர், தொப்பி போட்டவர், குடை விரித்தவர், கடைசியில் மூன்று குழந்தைகளோடு வந்த ஒரு அம்மாள். ஊன்றுகோலுக்குப் பதில் துடைப்பக் கட்டையை ஊன்றிக்கொண்டு நானே நடந்து காட்டினேன். பாபின் அசையவில்லை. வீட்டுக்காரரும் யார் வந்தும் அசையவில்லை. இரண்டு பேரும் தேறிவிட்டார்கள் என்று மார்தட்டிக்கொண்டேன்.

நாத்தனார் வருகிற நாளில் பாக்கெட் நிறைய துண்டு. கழுத்துவாரைக் கழற்றச் சொல்லி வீட்டுக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார்; கட்டிப்போட்ட நாயைக் காட்டி அக்காவை ஏமாற்றக் கூடாதாம். பாபின் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசிக்கொண்டு தைப்பேன்?

மணி அடித்தது. பாபின் விரிப்புக்குப் போய்ப் படுத்தது. ஒரு துண்டு. கதவைத் திறந்தேன். நாத்தனார் நாய்ப் பக்கம் திரும்பவே இல்லை, பேசவில்லை, கையையும் நீட்டவில்லை. பயத்தில்தான். ஆனால் நாய் பழக்குகிறவள் வருகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்பது அதைத்தான். இன்னொரு துண்டு. பாபினின் வால் மட்டும் தரையை அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா!"

முதுகுக்குப் பின்னால் கேட்டது. நாற்காலி கவிழ்ந்தது. என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார் மனிதர், இரண்டு கையையும் அக்கா தோளில் போட்டார். ஊன்றுகோல் பறந்து பாபினின் மூக்குக்கு முன்னால் விழுந்தது. நாத்தனார் பின்பக்கமாகச் சாய்ந்தார். நல்லவேளை, அளவெடுக்க வருகிறவர்களுக்காகக் கதவோரம் போட்டிருந்த நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டது.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. நாயைக் குடைக்கும் குழந்தைக்கும் கோலுக்கும் பழக்கினேன். இவரைப் பார்சல்காரருக்கு மட்டும்தானே பழக்கினேன்? உயிருக்கு உயிரான ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன ஆவார் என்று ஒரு தடவையாவது சோதித்தேனா?

பாபின் ஊன்றுகோலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. விரிப்பை விட்டு ஒரு அங்குலம் நகரவில்லை. பாக்கெட்டில் இருந்த அத்தனை துண்டையும் அதன் முன்னால் கொட்டினேன். வீட்டுக்காரர் முகம் வெளிறி, அக்காவின் இடுப்பையும் காலையும் தொட்டுத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டார். வலியெல்லாம் இல்லை, சட்டைப் பொத்தான்தான் கன்னத்தில் குத்திவிட்டது என்றார் நாத்தனார். மூச்சு வாங்கியபடி முதன்முறையாக நாயை நன்றாகப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"அந்தப் பண்ணைல இடம் சொல்லி வச்சிருக்கறதா சொன்னியேடா," என்றார். "நாய் இங்கயே இருக்கட்டும். நீ கெளம்பு."

வீட்டுக்காரர் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, அடக்கமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என் இன்னொரு பாக்கெட்டைப் பார்த்தார். அதில் முந்திரி இருந்தது. ஒன்றுகூடத் தரவில்லை. ஏறிய பிறகு தந்தால், ஏறியதற்கும் சேர்த்துத் தந்ததாகிவிடும்.