தண்ணீரில் மட்டும்

நம்பிக்கைக்கு அண்ணன் போட்ட விலை இரண்டே சொற்கள். பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் விற்கும் கம்பெனி அவனுடையது. விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கும் எட்டு அட்டைக் கரோசல் விளம்பரத்தை இணையத்துக்கு எழுதியவள் தங்கை. எட்டு மாதமாகப் பிடிகொடுக்காத ரசாயன ஆலையின் கொள்முதல் அதிகாரியைத்தான் அவள் குறிவைத்திருந்தாள்.

மூன்றாவது அட்டை இது: "கசிவு நாற்பது சதவீதம் குறைவு. சோதனை: அறுபது பம்ப், ஆறு மாதம், தண்ணீரில் மட்டும்."

"நம்ம வாயாலயே நம்மள கெடுத்துக்கணுமா? கடைசி ரெண்டு வார்த்தைய தூக்கு."

"அண்ணே, அந்த ஆளு பொடி எழுத்தைத்தான் முதல்ல படிப்பாரு. அதைத் தூக்கினா அவரு நம்மளையே தூக்கிடுவாரு."

"சம்பளம் வாங்குறவ எனக்குப் பாடம் எடுக்காதே!" என்று சீறி, அவனே அழித்து வெளியிட்டான்.

மதியத்துக்குள் அதிகாரியின் கேள்வி பதிவின் கீழே வந்து நின்றது: "எந்தத் திரவத்தில் சோதித்தீர்கள்?"

அண்ணனின் முகம் சுண்டியது. "ஏதாவது எழுதித் தொலைடி."

"தண்ணீரில் மட்டும்" என்று எழுதினாள்.

"அதை அட்டையிலேயே போட்டிருந்தால் பேசியிருப்பேன்" என்றது பதில்.

மாலைக் கணக்கு: லைக் நூற்றுப் பத்து, பாதி மாமன் மச்சான். வாங்க வந்தவர் ஒருவர், அவரும் கழன்றுகொண்டார்.