பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

1999 அக்டோபரில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த அன்று, கிழக்குத் தாம்பரத்தில் வெளிநாட்டுப் பாடநூல்களைக் கணினியில் வடிவமைத்துத் தரும் ஓர் அலுவலகத்தின் ஸ்டோரேஜ் பெட்டி வேகம் குறைந்தது. எல்லாருடைய ஃபைல்களும் நெட்வொர்க் வழியாக அந்தப் பெட்டிக்குத்தான் போயாக வேண்டும்.

பெட்டியை வாங்கியவர் சிஸ்டம்ஸ் மேனேஜர் யக்ஞநாராயணன். கேபிள் போட்டவள் காந்திமதி. கீழ்க்கட்டளையில் சொந்தமாக நெட்வொர்க் தொழில் செய்பவள்.

"கேபிள்தான் குப்பை" என்று யக்ஞநாராயணன் முதலாளி பக்தவச்சலத்திடம் சொன்னார். ஜி.எஸ்.டி. ரோட்டில் மற்ற அலுவலகங்களுக்கும் போன் செய்து அதையே சொன்னார். காந்திமதிக்குப் பேசி வைத்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின.

அவள் வாதாடவில்லை. மேற்கூரையிலிருந்து தன் கேபிள்களை அவர்கள் உருவி எறியட்டும் என்று விட்டாள். வேறு ஆள் புதிதாகப் போட்டான். வேகம் கூடவில்லை. செய்தி கேட்டதும் ஸ்கூட்டியை எடுத்தாள். பையில் இருந்தது ஒரே ஒரு கேபிள்.

"இன்னாம்மா, திரும்பவும் வந்துகீறே?" என்றார் பக்தவச்சலம்.

"பழைய கணக்கு ஒண்ணு கீது சார். மேனேஜர் சாரும் வரட்டும். ஆபீஸ் மொத்தமும் பாக்கட்டும்."

ஒரு கம்ப்யூட்டரைப் பெட்டியோடு நேராகத் தன் கேபிளால் இணைத்தாள். நடுவில் எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஹப் இல்லை, சுவர்க் கேபிள் இல்லை. "பெரிய ஃபைல் ஒண்ணைப் பெட்டிக்கு நீங்களே காப்பி பண்ணுங்க சார்."

யக்ஞநாராயணன் செய்தார். நகர்ந்து நகர்ந்து போயிற்று. அதே பெட்டியிலிருந்து வேறொரு பெரிய ஃபைலை எடுக்கச் சொன்னாள். சட்டென்று வந்தது.

"எடுக்கறப்ப ஓடுது, வைக்கறப்ப படுத்துக்குது. இப்ப எந்த கேபிள் சார் குப்பை?"

"ஏதாவது வைரஸா இருக்கும்மா..." என்றார் யக்ஞநாராயணன்.

பெட்டியின் முகப்பில் பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. "பொட்டு வெச்சது யாரு?"

"மேனேஜர் சார்தான்" என்றாள் டைப்பிஸ்ட் செல்வமேரி. "எங்க யாரையும் தொடவே விடல."

காந்திமதி நகத்தால் சுரண்டினாள். உள்ளே மஞ்சள் எச்சரிக்கை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மேனேஜர் சார், பெட்டியோட செட்டிங்ஸைத் தொறங்க. சத்தமா படிங்க."

"பேட்டரி... ஃபெயில்ட். ரைட் கேஷ்... ஆஃப்."

எழுத வருவதைப் பெட்டி முதலில் ரைட் கேஷ் என்ற தன் மெமரியில் வாங்கிக்கொண்டு, பிறகு டிஸ்க்குகளில் எழுதும். இடையில் கரண்ட் போனால் மெமரியில் இருப்பதைக் காப்பது அந்தப் பேட்டரி. ஏற்கெனவே நலிந்திருந்தது, விடுமுறையில் பெட்டியை அணைத்து வைத்ததும் செத்துவிட்டது. அதனால் பெட்டி தானாகவே மெமரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு துண்டையும் டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அடுத்ததை வாங்கியது.

"இன்னொரு தரம் படிங்க சார். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

அவர் படித்தார். பிறகு அதே போனை எடுத்து, முன்பு பேசிய ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தப்பு கேபிளில் இல்லை என்று சொன்னார். காந்திமதி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

புதுப் பேட்டரி வந்ததும் வேகம் திரும்பியது. யக்ஞநாராயணன் ராஜினாமா செய்தார். உருவிய கேபிள்களைக் காந்திமதி எடுத்துப்போய்க் கோவிலம்பாக்கத்தில் வேறோர் அலுவலகத்துக்குப் போட்டாள்.