விதைக்கென்று தொங்கிய வெங்காயம்

கார்த்திகையில் வெங்காயம் நட்ட கையோடு சண்முகநாதன் விலை பேசி முடித்துவிட்டார். நகரத்தில் மரக்கறி வாங்கிக் கொழும்பு ஹொட்டல்களுக்கு அனுப்பும் ஜெனிஸ்ரனுக்குத் தையில் எண்ணூறு கிலோ, கிலோ இருநூறு ரூபா. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அதுதான் விலை. ஹொட்டல்களுக்கும் ஜெனிஸ்ரன் முன்கூட்டியே விலை சொல்லியிருந்தான். கிலோ குறைந்தால் சந்தை விலைக்கு வாங்கித்தான் அவன் ஈடுகட்ட வேண்டும்.

நாலு பரப்பு நிலத்தில் ஆயிரத்தறுநூறு கிலோ எதிர்பார்த்தும் மழையை நம்பாமல் பாதியைத்தான் அவர் எழுதிக் கொடுத்தார். போன வருசம் அறுவடை நாளில் விலை அறுபதுக்கு விழுந்ததை அவர் மறக்கவில்லை. இந்த முறை வரப்போகும் பணம் தெரிந்திருந்ததால், முழங்கால் வலிக்காரியான மனைவி அருமைநாயகிக்கு வீட்டுக்குள் குளியலறை கட்ட மேசனுக்கும் நாள் குறித்தார்.

மார்கழி மழை தன் பங்கை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ஆயிரத்து இருநூறு. ஊரெல்லாம் பயிர் அழிந்ததால் மருதனார்மடச் சந்தையில் விலை முந்நூற்று நாற்பதுக்கு ஏறியது. பக்கத்துத் தோட்டக்காரர் இருநூறுக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்லிச் சிரித்தார். சண்முகநாதனுக்குக் கையெழுத்து வைத்த கையையே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எந்த வியாபாரியும் விதை வெங்காயத்தில் கை வைக்க மாட்டான்; அது ஊர் வழக்கம். அவர் பாதி வெங்காயத்தை விதையென்று பிடிபிடியாகக் கட்டி வீட்டுப் பின்பக்கக் கோடிக் கொட்டிலில் தொங்கவிட்டார். மழை அழித்துவிட்டது, அறுநூறுதான் தர முடியும் என்று ஜெனிஸ்ரனிடம் சொல்லிவிட்டு, விதைக்கு மேலானதைச் சந்தையில் விற்பதாக எண்ணம்.

அருமைநாயகி மெல்ல நொண்டி வந்து அண்ணாந்து பார்த்தாள். நாலு பரப்புக்கு இருநூறு கிலோ விதை போதுமென்று அவளுக்குத் தெரியாதா? தொங்கியது அதைப்போல மூன்று மடங்கு.

"உவ்வளவு விதையையும் நட இன்னும் எட்டுப் பரப்பு வாங்கோணும்" என்றாள்.

அவர், கிலோவுக்கு நூற்று நாற்பது ரூபா போகிறதே என்று முணுமுணுத்தார்.

"போன வருசம் முழுக்க நித்திரையிலை விலை கதைச்சனீங்கள். நான் முழிச்சிருந்து கேட்டனான். இந்தமுறை ஒருநாளும் கதைக்கேல்லை. அந்த நித்திரைக்குத்தான் நூற்று நாற்பது."

முழங்கால் வலியோடு அவள் எத்தனை இரவு விழித்திருந்தாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. விலை அறுபதுக்கு விழுந்திருந்தாலும் ஜெனிஸ்ரன் இருநூறு எண்ணித் தந்திருப்பான் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

ஏணியில் ஏறி, விதைக்கு இருநூறு கிலோவை விட்டு மற்றதை ஒவ்வொரு பிடியாக இறக்கினார். மறுநாள் எண்ணூறு கிலோவும் ஜெனிஸ்ரனின் லொறியில் ஏறியது. விதை போக மிஞ்சிய இருநூறையும் சந்தையில் முந்நூற்று நாற்பதுக்கு விற்றார்.

அடுத்த கிழமை மேசன் வந்தான். குளியலறை வாசல் எவ்வளவு அகலம் என்று கேட்டான்.

"ரெண்டு பேர் சேந்து போகக்கூடிய அளவுக்கு வை" என்றார் சண்முகநாதன். "இவவை நான் பிடிச்சுக்கொண்டு போகோணும்."