அடிநிறம் இல்லாத தலை

மல்லாவிச் சந்தையில் அழகுநிலையம் வைத்திருக்கும் சுமித்திராவுக்கு நாற்பத்தொரு வயதில் ஒரு கலியாணம் தொங்கிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை சுதாகரன், உழவு இயந்திரம் திருத்துகிற கராஜ்காரன், அவளுக்குச் சம்மதம் சொல்லி ஆறு மாதம். சம்மதம் சொல்லாதவர் ஒரே ஒரு ஆள்தான். அது அவனுடைய தமக்கை இராசேஸ்வரி. இல்லை என்றும் சொல்லமாட்டா, ஓம் என்றும் சொல்லமாட்டா. கேட்டால் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா. தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவ அவாதான் என்றபடியால், அக்கா வாய் திறக்காமல் தாலி எடுக்கமாட்டன் என்று அவனும் நின்றான். நல்ல மனுசன்தான், ஆனால் இப்படியான நல்ல மனுசரோடு காலம் தள்ளுவது லேசுப்பட்ட வேலையா?

அப்படிப்பட்ட இராசேஸ்வரி ஒருநாள் மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்து நின்றா. சுமித்திரா கதிரையைத் துடைத்துப் போட்டாள். அவா கூட்டுறவுக் கடையில் முகாமையாளர், வயது ஐம்பத்துநாலு, தராசுக்காரரே நடுங்குகிற குரல். வந்தவ கதிரையில் இருந்து கைப்பையைத் திறந்து இரண்டு குழாய்களை மேசையில் வைத்தா. இலண்டனில் இருக்கும் பழைய சிநேகிதி பொதியில் அனுப்பிய, தலைக்குப் பூசுகிற மை. வெளிர் பழுப்பில் கொஞ்சம் செம்பு கலந்த நிறம், ஆறாம் இலக்கம். சிநேகிதி இந்த நிறத்தோடு வீடியோவில் வந்தாவாம், பத்து வயது குறைந்து தெரிந்தாவாம். தனக்கும் அதே நிறம் வேணுமாம்.

சுமித்திரா தலையைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு மையும் ஒருநாளும் படாத தலை. பின்பக்கம் நல்ல கறுப்பு. முன்பக்கம் பாதிக்கு மேல் நரை, காதோரம் இரண்டும் முழு வெள்ளை. இந்த இடத்தில்தான் அவள் வாயைத் திறந்திருக்கவேண்டும். இப்படியான வெளிர் நிறங்கள் நரையில் தனியே நிற்காது, அதே இலக்கத்தில் செம்பு கலக்காத வெறும் பழுப்பை, இயற்கை நிறம் என்கிற குழாயைச் சேர்த்துக் கலந்தால்தான் நரை மூடும் என்று வவுனியாவில் பயிற்சி எடுத்த காலத்திலேயே படித்தவள். ஆனால் மல்லாவியில் அதற்குத் தேவை வருவதில்லை. இங்கே நரைத்தவர் எல்லாரும் கேட்பது கறுப்பு. கறுப்பு எதையும் மூடும்.

சொல்லவும்தான் வெளிக்கிட்டாள். கூட இன்னொரு நிறம் கலக்கவேணும் என்று அவள் இழுக்க முதலே இராசேஸ்வரி கையை உயர்த்திவிட்டா. வெளிநாட்டுச் சாமான், அதற்குள் இங்கத்தைச் சாமான் ஒன்றையும் கலந்து பழுதாக்கவேண்டாம் என்று உத்தரவு. எங்கள் சனத்துக்கு இது ஒரு வருத்தம். பொதியில் வந்தது சவர்க்காரம் என்றாலும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டும். சுமித்திரா வாயை மூடிக்கொண்டாள். ஆறு மாதமாக முகம் கொடுக்காத மனுசி தன் காலால் நடந்து வந்திருக்கிறா, முதல் நாளே எதிர்த்துக் கதைக்கலாமா? காதுக்குப் பின்னால் மையை ஒரு சொட்டுத் தொட்டுவிட்டு, கடியோ எரிவோ வராவிட்டால் இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி அனுப்பினாள்.

கடி வரவில்லை. பௌர்ணமிப் போயா விடுமுறை அன்று காலை இராசேஸ்வரி வந்து இருந்தா. சுமித்திரா ஒரு குழாயைப் பிதுக்கி, நிறத்தைப் பிடிக்கவைக்கிற டெவலப்பர் ஊற்றிக் குழைத்து, கறுப்பு அடிக்கிற பழக்கத்தில் பிடரியில் தொடங்கி முன்னுக்கு வந்து பூசினாள். கை வேலை செய்ய, மனம் கடவுளை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. கூப்பிட்டு என்ன, நரைக்கு அந்தக் கதை தெரியாது. நேரம் முடிந்து கழுவித் துடைத்துக் காற்று அடித்தபோது பின்தலை என்னவோ வடிவாகத்தான் வந்திருந்தது, வெயில் பட்டால் செம்பு தெரிகிற நல்ல மண்ணிறம். முன்னுக்குத்தான் வினை. வகிட்டில் பளீரென்று ஒரு செம்மஞ்சள் கோடு. காதோரம் இரண்டிலும் கனகாம்பரம் பூத்துக் கிடந்தது. நரை மூடவும் இல்லை, நிறத்துக்குள்ளால் வெள்ளை பல்லை இளித்தது.

இராசேஸ்வரி கண்ணாடியைப் பார்த்தா. வகிட்டை ஒரு விரலால் தடவிப் பார்த்தா. சத்தம் போட்டிருந்தாலாவது பரவாயில்லை. கலியாணமும் போச்சு, கடையும் போச்சு, நாளைக்கு இந்தத் தலை கூட்டுறவுக் கடைக் கல்லாவில் இருந்து ஊர் முழுக்கத் தன் பெயரைச் சொல்லும் என்று சுமித்திரா நினைத்தாள். மேலால் கறுப்பை அடித்து மூடிவிடலாமா என்றும் ஒரு கணம் யோசனை ஓடியது. மூடும்தான். ஆனால் ஆசைப்பட்டு வந்த நிறம் அதோடு சரி, கறுப்புக்கு மேலே மை பூசி வெளிறப் பண்ணவும் ஏலாது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு துணிவு வந்தது. கெட்டது கெட்டுப்போச்சு, இனி உண்மையைச் சொல்லிப்போட்டுக் கெடுவம் என்கிற துணிவு.

“அக்கா, பிழை என்ரை. வெளிர் நிறம் தனிய நரையைப் பிடிக்காது. கறுத்த மயிருக்குள்ள முதலே ஒரு நிறம் கிடக்கு, அதுக்கு மேல இது வடிவா இருக்கும். நரைக்குள்ள ஒண்டும் இல்லை. அதுக்கு அடியிலை பிடிக்க இயற்கை நிறம் சேர்த்திருக்கோணும். எனக்கு அது அண்டைக்கே தெரியும்.”

“தெரிஞ்சோ பூசினனீ?”

“ஓம் அக்கா. நீங்கள் கலக்கவேண்டாமெண்ட உடனை எனக்கு வாய் வரேல்லை.”

இராசேஸ்வரி கண்ணாடிக்குள்ளாலேயே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, இதைத் திருத்த ஏலுமா என்று மட்டும் கேட்டா. ஏலும், அதே கொம்பனியின் ஆறாம் இலக்க இயற்கை நிறம் கிடைத்தால் இன்றைக்கே ஏலும் என்றாள் சுமித்திரா. தன் கடையில் கறுப்பும் கரும்பழுப்பும்தான் இருக்கிறது, அதைப் போட்டால் முன்தலை இருண்டுவிடும். உடனே மாங்குளத்தில் கடை வைத்திருக்கும் கூட்டாளி ஸுஹறாவுக்குப் போன் எடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள். ஸுஹறா கதையைக் கேட்டு முதலில் வாய் நிறையப் பேசினாள், நரைத்த தலைக்குச் செம்பு நிறத்தைத் தனியே பூச உனக்கு விசரா என்றாள். பிறகு அலமாரியைப் பார்த்துவிட்டு, அந்தக் கொம்பனியின் சாமான் எல்லாம் தன்னிடம் இருக்கிறது, பொதியில் வந்த அதே செம்பு நிறமும் நாலைந்து கிடக்கிறது என்றாள்.

போன் சத்தமாகத்தான் இருந்தது. இலண்டன் சாமான் மாங்குளத்தில் கிடக்கிற சங்கதி இராசேஸ்வரியின் காதில் விழுந்தது. அவாவின் வாயோரம் சாடையாக ஒரு அசைவு. சிரிப்பா, கோபமா என்று சுமித்திராவுக்கு விளங்கவில்லை.

போய் எடுத்துவர ஆள் வேண்டும். வேறு யார், சுதாகரன்தான். இராசேஸ்வரியே தம்பிக்குப் போன் போட்டா, சுமித்திராவின் கடைக்கு என்று மட்டும் சொன்னா, எதற்கு என்று சொல்லவில்லை. மாங்குளத்தில் ஸுஹறாவிடம் ஒரு குழாய் வாங்கி வா, ஆறு, இயற்கை, வேறொன்றும் கொண்டுவந்து நிற்காதே. வைத்துவிட்டு, அவனைத் தலையிடிக்குப் பனடோல் வாங்க விட்டால் நுளம்புத்திரியோடு வருகிற ஆள், என்னத்தைக் கொண்டுவரப்போகிறானோ என்று பெருமூச்சு விட்டா. சுமித்திரா தேத்தண்ணி போட்டாள். கதவில் ‘மூடியுள்ளது’ என்ற பலகையைத் தொங்கவிட்டாள். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பெரிய மனுசி சீனி போட்ட தேத்தண்ணியைக் குடிக்க, இவள் எதிரே முக்காலியில் இருந்தாள். மாங்குளம் போய்வர நேரம் எடுக்கும். எவ்வளவு நேரம்தான் இரண்டு பெண்கள் பேசாமல் இருப்பது?

“எனக்குப் பயந்தனியோ பிள்ளை?” என்று இராசேஸ்வரி கேட்டா.

“நல்லாப் பயந்தனான்.”

அதற்கு அவா சிரித்தா. வாய் விட்டு, துவாய் கழன்று விழுமளவுக்குச் சிரித்தா. கடையில் தராசுக்காரருக்குப் பயம், வீட்டில் தம்பிக்குப் பயம், இப்ப உனக்கும் பயம் என்றா. பிறகு துவாயைச் சரிசெய்துகொண்டு, சிரிப்பில்லாத குரலில் சொன்னா:

“உன்னிலை எனக்கு ஒரு குறையும் இல்லையடி. அவனும் வெளிக்கிட்டால் அந்த வீட்டிலை நான் தனிய இருந்து ஆரை ஏசிப் பேசிறது? எனக்கும் பயம்தான்.”

சுமித்திராவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாக இந்த மனுசியைத் திட்டாத திட்டில்லை. கதிரைப் பக்கம் நகர்ந்து அவாவின் கையைப் பிடித்து, அவன் எங்கே வெளிக்கிடப் போகிறான், நான்தான் அங்கே வரப்போகிறேன், நீங்கள் என்னையும் சேர்த்துப் பேசலாம் என்றாள். உன்னைப் பேசினால் நீ வாய் திறக்காமல் என் தலையை எரித்துவிடுவாய் என்று இராசேஸ்வரி சொன்னா. இனித் திறப்பேன் என்று இவள் சொன்னாள். அதற்குப் பிறகு கதை எங்கெங்கோ போனது, சுதாகரன் சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் இருந்து அழுத கதைவரைக்கும் போனது.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. உள்ளே வரக்கூடாது என்று அக்கா அதட்ட, கதவிடுக்கால் ஒரு கை மட்டும் நீண்டது. உள்ளங்கையில் பேனையால் பெரிதாக ஆறு என்றும், கீழே இயற்கை என்றும் எழுதியிருந்தது. குழாயும் சரியான குழாய்தான். இராசேஸ்வரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

“உனக்கெண்டால் மட்டும் இவனுக்கு ஞாபகம் இருக்கு,” என்றா சுமித்திராவிடம்.

இந்த முறை சுமித்திரா யாரையும் கேட்கவில்லை. முதலில் தலைத்தோல் சிவந்திருக்கிறதா, எரிகிறதா என்று பார்த்தாள். இரண்டுமில்லை. மீதமிருந்த செம்புக் குழாயும் இயற்கை நிறமும் பாதிக்குப் பாதி, இருபது வொலியூம் வலுவுள்ள டெவலப்பர் கொம்பனி சொன்ன அளவுக்கு. இயற்கை நிறம் சேர்ந்தால் செம்பு கொஞ்சம் அடங்கித்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். பின்தலையைத் தொடவில்லை, அங்கே ஏற்கெனவே நல்லாக இருக்கிறதை ஏன் நோண்டவேண்டும்? பிடிவாதமான காதோரத்தில் தொடங்கி, வகிட்டுக்கு வந்து, நரை உள்ள இடமெல்லாம் தடிப்பாகப் பூசினாள். போதும், கழுவு என்று நடுவில் இராசேஸ்வரி அவசரப்படுத்தினா. போதாது, நரைக்கு முழு நேரமும் வேணும், பேசாமல் இருங்கோ என்று சுமித்திரா சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டாள். அவா பேசாமல் இருந்தா.

கழுவிக் காயவைத்து, கதிரையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கனகாம்பரத்தைக் காணவில்லை. வகிட்டில் கோடு இல்லை. காதோரத்திலிருந்து பிடரிவரை ஒரே மண்ணிறம், அதற்குள் அளவாய் ஒரு செம்பு மினுக்கம். இராசேஸ்வரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினா. காதோர மயிரை விரலால் கிளப்பி அடியைப் பார்த்தா. முகம் மலர்ந்துபோய்விட்டது. ஐம்பத்துநாலு வயசு மனுசி வெட்கப்படுகிறதைப் பார்க்கச் சுமித்திராவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

இது எவ்வளவு காலத்துக்கு இப்படியே நிற்கும் என்று அவா கேட்டா. நிறம் நிற்கும், ஆனால் மயிர் வளர வளர அடியில் வெள்ளை வரும், ஒரு மாதம் கழிய வகிட்டில் தெரியத் தொடங்கும் என்றாள் சுமித்திரா.

இராசேஸ்வரி எழும்பிக் கதவை அகலத் திறந்தா. வெளியே வேப்பமரத்தடியில் சுதாகரன் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவனைப்போல நின்றான். அக்காவின் தலையைக் கண்டு வாயைப் பிளந்தான்.

“பிளந்தது காணும்,” என்றா இராசேஸ்வரி. “நேர ஐயரிட்டைப் போ. இந்த மாசத்துக்குள்ள ஒரு நாள் பார்க்கச் சொல்லு. நரைச்ச தலையோடை நான் கலியாணப் படத்திலை நிக்கமாட்டன்.”