அலுமாரிக்குள் இல்லாத வீடு

காணிப் பத்திரமான உறுதி யார் கையில் இருக்கிறதோ காணி அவருக்குத்தான். எடித் அறுபது வருடமாக அப்படித்தான் நம்பியிருந்தாள். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் அவளுடைய ஊரான வங்காலைச் சனம் சோற்றுப் பானையை விட்டாலும் உறுதியை விடவில்லை.

அதனால்தான், "எனது அலுமாரியும் அதற்குள் உள்ள அனைத்தும் தங்கை எடித்துக்கு" என்று அண்ணன் சிங்கராசா மரணசாதனம் எழுதிவைத்துக் கண்மூடியபோது, அவள் பயப்படவில்லை. அவர்கள் இருவரும் குடியிருந்த அண்ணனின் வீட்டு உறுதி அந்த அலுமாரிக்குள் இருந்தது. ஆனால் அண்ணனின் மகன் றொட்னி, வீடு யாருக்கு என்று தீர்த்துச் சொல்லும்படி மன்னார் நீதிமன்றத்துக்குப் போய்விட்டான்.

தீர்ப்பு நாள் காலை, நீதிமன்ற வாசல் வாங்கில் எடித்தின் சட்டத்தரணி நிவேதிகா அவள் பக்கத்தில் வந்து அமர்ந்தாள்.

"வீடு உனக்குத்தான் எண்டு அண்ணர் வாயால சொன்னவர், பிள்ளை."

"வாயால சொன்னதை வச்சு மரணசாதனத்தைத் திருத்தி எழுதேலாது அன்ரி. எழுதின வசனத்தைத்தான் முழுசா வாசிப்பினம். உறுதி உள்ள இருக்கிறது தெரிஞ்சுதான் 'அனைத்தும்' எண்டு எழுதினவர் எண்டு நான் வாதாடினனான். றொட்னியின்ர பக்கத்தார் கட்டுக்கரை வயலைக் காட்டிச்சினம்."

"வயலுக்கும் வீட்டுக்கும் என்ன?"

"வயலைப் பேர், எல்லை எல்லாம் போட்டு மகளுக்கு எழுதியிருக்கிறார். காணி எழுதிக் குடுக்கத் தெரிஞ்ச மனுசன், வீட்டை ஏன் அலுமாரிக்குள்ள ஒளிச்சவர் எண்டு கேட்டிச்சினம்."

எடித் சிலுவை அடையாளம் போட்டாள். "அப்ப வீடு ஆருக்கும் இல்லையோ?"

"கடைசிப் பந்தி இருக்கே. 'மேற்கூறாத என் மிச்சச் சொத்து முழுவதும் மகன் றொட்னிக்கு.' எழுதாம விட்டது, எழுதியும் செல்லாமப் போனது, எல்லாம் அதுக்குள்ள போய் விழும்."

கரைவலையின் பை போன்ற மடி எடித்தின் கண்முன் வந்தது. பக்கவலைகளில் சிக்காததெல்லாம் கடைசியில் அந்த இருட்டுக்குள்தான் போய்ச் சேரும்.

உள்ளே நீதிபதி தாழ்ந்த குரலில் வாசித்தார். அலுமாரியும் அதிலிருந்த நகையும் உடுபுடவையும் எடித்துக்கு. உறுதி, வீட்டின் உரிமையைக் காட்டும் பத்திரம் மட்டுமே. அதைக் கொடுத்ததால் வீட்டைக் கொடுத்ததாகாது. வீட்டைத் தனியாக எவருக்கும் எழுதாததால், அது மிச்சச் சொத்தோடு றொட்னியைச் சேரும். உறுதியும் வீட்டோடு சேர்ந்து அவனுக்கே.

"மேன்முறையீடு செய்யலாம்," என்றாள் நிவேதிகா. வெல்லலாம் என்று அவள் சொல்லவில்லை.

வெளியே றொட்னி குடையோடு காத்து நின்றான். அவளை நனைய விடாமல் தெருவரை கூட்டி வந்தான்.

"பயப்பிடாதேங்கோ மாமி, உங்களை ஆர் போகச் சொன்னது?" என்றான் மெதுவாக. "பின்னேரம் நிலஅளவையாளர் வாறார். நாயைக் கட்டி வையுங்கோ."