பில்லில் இல்லாத அண்ணன்

ஐம்பது வயதாகியும் அவளை அண்ணன்மார் இருவரும் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரில் அவளுக்கு நல்ல பெயர். ஒரு நிறுவனத்துக்குள் நுழைந்தால் வாசல் பலகை முதல் பில் வரைக்கும், வாடிக்கையாளர் கண்ணில் படுவது, காதில் விழுவது ஒன்று விடாமல் எடுத்துப் பார்த்து, பெயரும் சின்னமும் நிறமும் பேச்சும் ஒன்றாக இருக்கிறதா என்று தணிக்கை செய்து கொடுப்பவள். ஊரார் கடைகளுக்கெல்லாம் செய்தவள், சொந்த அண்ணன்களின் மெத்தைக் கடைக்கு மட்டும் செய்ததில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

இப்போது கேட்கும்படி ஆகிவிட்டது. ஒரு பெரிய விடுதிக்கு அறுபது மெத்தை போனது. விடுதி கொடுத்த ஆர்டரில் இருந்த பெயர் 'குட்டையன் நெட்டையன் மெத்தை'. வாசலில் வந்து நின்ற கிளைக் கடை வண்டியில் 'நெட்டையன் மெத்தை'. ஓட்டுநர் நீட்டிய பிரதான கடை பில்லில் 'குட்டையன்'. காவலாளி மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். பத்து நாளுக்குள் எல்லாம் ஒரே பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் கிடையாது என்று விடுதியின் கொள்முதல் அதிகாரி சொல்லிவிட்டார்.

"அண்ணன் தனியா போகணும்னு முடிவு பண்ணிட்டாரு பாப்பா," என்றார் சின்னவர். குட்டையன் அவர்தான். "இந்த ஆர்டரும் போச்சுன்னா பிரிச்சுக்கலாம். நான் தடுக்க மாட்டேன்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கிளைக்குப் போனாள். அங்கே பெரியவர், அதே பேச்சைத் திருப்பிப் போட்டார். "தம்பிக்கு நான் வேண்டாம்மா. வேண்டாத இடத்துல நான் ஏன் இருக்கணும்?"

நாலு வருஷமாக இரண்டு பேரும் எலியும் பூனையுமாகக் கூட இல்லை. அப்படியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பார்கள். சரக்கு விஷயம் மட்டும் பேசிவிட்டு ஃபோனை வைத்துவிடுவார்கள். அவளுக்கு இருப்பதே இந்த இரண்டு பேர். பிரிந்துவிட்டால் யார் வீட்டில் போய் உட்கார்ந்தாலும் இன்னொருவருக்கு மனம் வலிக்கும்.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையைத் தொடங்கினாள்.

மூன்று நாள் இரண்டு கடைகளையும் சல்லடை போட்டுச் சலித்தாள். பலகை, வண்டி, பை, மெத்தை உறையில் தைக்கும் சீட்டு, உத்தரவாத அட்டை, குறுஞ்செய்தி, ஃபோனை எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை, கடைசியில் பில். எல்லாவற்றையும் படம் எடுத்து அச்சடித்து, கிடங்குத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பக்கத்தில் ஒரு பட்டியல். பெயர், சின்னம், நிறம், பேச்சு என்று நாலு கட்டம்.

நீலம் மட்டும் ஐந்து விதமாக இருந்தது. பலகைக்காரர் கண்மதிப்பில் அடித்தது ஒன்று, பை அச்சிட்டவர் கையிலிருந்ததை ஊற்றியது ஒன்று. நிறத்துக்கு ஒரு எண் இருக்கிறது, அதைக் கொடுத்து அச்சிட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சின்னம் என்பது நெட்டையான ஒருவரும் குட்டையான ஒருவரும் மெத்தையை ஆளுக்கொரு முனையில் தூக்கிப் போவது. வண்டியில் அதை ஒட்டியவர் கதவில் இடம் பற்றாமல் குட்டையனை வெட்டிவிட்டிருந்தார். மெத்தை அந்தரத்தில் தொங்கியது.

பேச்சும் அப்படித்தான். பெரியவர் கிளையின் குறுஞ்செய்தி, "வாங்க, படுத்துப் பார்த்துட்டு வாங்குங்க" என்றது. உத்தரவாத அட்டையோ, "கறை பட்டால் நிறுவனம் பொறுப்பல்ல" என்று மிரட்டியது. ஒரே கடை இரண்டு வாயால் பேசியது.

கடைசியாக பில். இரண்டு கடைக்கும் ஒரே மென்பொருள். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'குட்டையன்', அதற்குக் கீழே முகவரி. பெரியவரின் கிளைப் பில்களில் மட்டும், தலைப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ரப்பர் முத்திரை: 'நெட்டையன் மெத்தை'.

அந்த முத்திரையைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. ஒவ்வொரு பில்லிலும் தன் பெயரைத் தானே குத்திக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷர், நாலு வருஷமாக.

இரண்டு பேரையும் கிடங்குக்கு வரவழைத்தாள். எதிரெதிரே இரண்டு மெத்தையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பெரியண்ணே, இந்த முத்திரை எப்ப செஞ்சீங்க?"

"என் பேரை பில்லுலேர்ந்து எடுத்த மாசம். அந்த மாசமே பலகையையும் வண்டியையும் மாத்தினேன்."

சின்னவர் நிமிர்ந்தார். "யாரு எடுத்தது? நீங்கதான் திடீர்னு பலகையில என் பேரை அழிச்சிட்டுப் போனீங்க."

"பில்லைப் பாத்துட்டுத்தானே அழிச்சேன்."

"நான் பில்லைப் பாக்குறதே இல்லண்ணே. கல்லாவுல இருக்குற பொண்ணு அடிச்சு நேரா ஆளு கையில குடுத்துடும்."

பாப்பா கணினியில் பில் அமைப்பைத் திறந்து இருவர் பக்கமும் திருப்பினாள். கடையின் பெயர்க் கட்டத்தில், குறையில்லாமல், 'குட்டையன் நெட்டையன் மெத்தை' என்றே இருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

மென்பொருள் போட்டுக் கொடுத்தவரை ஃபோனில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் அவர் நிதானமாகச் சொன்னார். "மேடம், அந்த பிரின்டர்ல எழுத்தை அகலமாக்கினா ஒரு வரியில பாதிதான் அடங்கும். அடங்காத வார்த்தையை அது விட்டுடும். அடுத்த வரி முகவரிக்கு ஒதுக்கினது. சின்ன எழுத்தா இருந்தப்ப முழுப்பேரும் வந்துச்சு."

"அகலமாக்கச் சொன்னது யாரு?"

"இருங்க, பழைய செய்தி இருக்கும்." தேடி எடுத்தார். "பெரிய முதலாளிதான். 'வயசானவங்களுக்கு கடை பேரு தெரிய மாட்டேங்குது, பெருசா போடுப்பா'ன்னு ஃபோன்ல செய்தி அனுப்பியிருக்காரு. நாலு வருஷம் ஆச்சு."

பெரியவர் தலை குனிந்திருந்தது. தன் பெயரைத் தானே துரத்திவிட்டுத் தம்பி மேல் பழி போட்டிருக்கிறார். தம்பி பெயரை முன்னால் போட்டதும் அவர்தான். கடை திறந்த அன்று, "சின்னவன் பேரு முதல்ல இருக்கட்டும்" என்று சொன்னதை பாப்பாவே கேட்டிருக்கிறாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே," என்றார் சின்னவர்.

"நீயும் கேக்கலையேடா."

"நானும் கேக்கல."

பாப்பாவுக்கு இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பட்டியலை எடுத்து, பில்லுக்கு நேரே இருந்த கட்டத்தில் 'எழுத்தைச் சிறிதாக்கவும்' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் வண்டியும் பலகையும் மாறின. நிறத்துக்கு எண் குறித்து எல்லா அச்சகத்துக்கும் போனது. மிரட்டிய உத்தரவாத அட்டை, "கறை பட்டா கூப்பிடுங்க, வழி சொல்றோம்" என்றது. ஒன்பதாம் நாள் காவலாளி ஆர்டரையும் வண்டியையும் பில்லையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கேட்டைத் திறந்தார்.

அந்த பில்லின் நகலைப் பெரியவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரதான கடைக்கு வந்தார். கண்ணாடியைக் கிளையிலேயே மறந்துவிட்டிருந்தார். எழுத்து இப்போது பொடிப்பொடியாக இருந்தது. கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தார், முடியவில்லை. தம்பியிடம் கொடுத்தார்.

"தெரியலடா. நீ படி."

சின்னவர் படித்தார். "குட்டையன் நெட்டையன் மெத்தை."

"இன்னொரு தடவ படி," என்றார் பெரியவர்.